எல்லாப் பிழைகளையும் திருத்துவது கற்பித்தல் ஆகாது

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பிரெஞ்சு வகுப்புகளில், சான்றிதழ் நிலையாயினும் பட்டய நிலையாயினும், எழுத்துப் பயிற்சித் தாள் பெரும்பாலும் ஒரே கோலத்தில்தான் மாணாக்கரிடம் திரும்பி வருகிறது. ஒவ்வொரு வரியிலும் சிவப்பு மை. ஒவ்வொரு தவற்றின் மேலும் சரியான வடிவம். அடியில் ஒரு மதிப்பெண். மாணாக்கர் மதிப்பெண்ணைப் பார்க்கிறார், தாளை மடித்து வைக்கிறார், அடுத்த தாளில் அதே தவறுகளை மீண்டும் எழுதுகிறார். அவற்றை ஆசிரியர் மீண்டும் திருத்துகிறார். இந்தச் சுழற்சிக்கு நாம் ‘கண்டிப்பான திருத்தம்’ என்று பெயரிட்டிருக்கிறோம். துறைத் தலைவர் கேட்டால் எடுத்துக் காட்டவும், அகமதிப்பீட்டுக் கோப்பில் வைக்கவும் அது மிகப் பொருத்தமானது. மாணாக்கரின் பிரெஞ்சு மொழிக்கு அதனால் விளையும் நன்மை மிகச் சிறிது என்பதே என் வாதம்.

இதற்கு மாற்றாக நான் முன்வைப்பது புதிதான ஒன்றன்று. ஒரு தாளுக்கு இரண்டு பிழைவகைகளை மட்டும் தேர்ந்தெடுத்தல். அவற்றைத் திருத்தாமல் குறியீட்டால் சுட்டுதல். மாணாக்கர் வகுப்பிலேயே தாமே திருத்தி எழுதுதல். அதன் பிறகே மதிப்பெண் இடுதல். இதைச் சோம்பேறித்தனம் என்று இகழ்வோர் உண்டு. இதையே தவறாகச் செய்து, இருபது குறியீடுகள் கொண்ட அட்டவணையை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, நவீன முறைக்கு மாறிவிட்டதாக நிறைவுகொள்வோரும் உண்டு. என் மறுப்பு இரு சாராருக்கும் உரியது.

வாதத்தைப் பொதுவில் விட்டுவிடாமல் ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். பலருடைய தாள்களில் மீண்டும் மீண்டும் காணும் தவறுகளை ஒன்றிணைத்து நானே அமைத்த மாதிரி இது. ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தின் ஏ2 நிலையை எட்டிக்கொண்டிருக்கும் ஒரு மாணவி, சென்ற ஞாயிறன்று தோழியரோடும் தோழரோடும் கோல்கொண்டாக் கோட்டைக்குச் சென்று வந்ததைப் பற்றி எண்பது சொற்களில் எழுதுகிறார். தாளில் 17 பிழைகள் உள்ளன. ‘சென்றேன்’ என்பதற்கு ‘ழெ சுயி அலே’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ழே அலே’ என்று எழுதுகிறார். ‘புறப்பட்டோம்’, ‘விழுந்தாள்’, ‘திரும்பினோம்’ ஆகிய மூன்றிலும் அதே தவறு. ‘வந்து சேர்ந்தோம்’ என்பதில் மட்டும் துணைவினை சரியாக உள்ளது. காலத் தேர்வில் மூன்று ஐயங்கள். பெயர்ச்சொல்லின் பாலில் மூன்று தவறுகள். எஞ்சியவை இயைபு, முன்னிடைச்சொல், எழுத்துக்கூட்டல் என்று ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன.

பதினேழையும் திருத்தும் ஆசிரியர் மாணவியிடம் என்ன சொல்கிறார்? ‘நீ பதினேழு இடங்களில் தவறினாய்’ என்கிறார். ஆனால் இந்தத் தாளில் உள்ள செய்தி அதுவன்று. இறந்தகாலக் கூட்டுவடிவமாகிய ‘பாஸே கொம்போஸே’யில், இயக்கத்தையும் நிலைமாற்றத்தையும் குறிக்கும் சில வினைகளுக்கு ‘எத்ர்’ என்ற துணைவினை வர வேண்டும் என்பது இந்த மாணவியிடம் இன்னும் நிலைபெறவில்லை. ஐந்து இடங்களில் நான்கில் அவர் ‘அவுவாரை’ நாடுகிறார். பெரும்பான்மை வினைகள் அதைத்தான் ஏற்கின்றன. ஆகவே அவர் பொதுவிதியை நன்றாகக் கற்று, அதை அளவுக்கு மீறி விரித்துவிட்டார். இது ஒரே காரணமுடைய ஒரே பிழை. நான்கு முறை தோன்றியிருக்கிறது. எழுத்துக்கூட்டலில் நேர்ந்த கைத்தவறும் இதுவும் ஒரே மையில், ஒரே அளவில் திருத்தப்படும்போது, அந்த ஒற்றைக் காரணம் பதினேழு கீறல்களுக்குள் மறைந்துபோகிறது. பிட் கோர்டர் 1967இலேயே, கற்போரின் உள்ளமைப்பைக் காட்டும் பிழையையும் கவனக்குறைவால் நேரும் வழுவையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். அதை மொழியியல் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய நாமே, திருத்தும் மேசையில் மறந்துவிடுகிறோம்.

இனி இந்தத் தாளுக்கு நான் தேரும் குறியீடுகளைப் பார்ப்போம்.

```
AUX   துணைவினைத் தேர்வு
T     காலத் தேர்வு
ACC   பால், எண் இயைபு
```

மூன்றையும் காட்டியிருப்பினும், இந்தத் தாளில் முதலிரண்டை மட்டுமே இடுவேன். மூன்றாவதை ஏன் ஒத்திவைக்கிறேன் என்பதில்தான் பிரெஞ்சு மொழிக்கே உரிய சிக்கல் இருக்கிறது.

AUX குறியீடு கற்போருக்கு உண்மையில் பயன்படும் குறியீடு. அது சுட்டும் பிழைக்குப் பின்னால், சொல்லிக்கொடுக்கத்தக்க விதி ஒன்று உள்ளது. மாணவி தம் குறிப்பேட்டைப் புரட்டலாம், வினைப் பட்டியலைப் பார்க்கலாம், தாமே விடையை அடையலாம். டானா ஃபெரிஸ் 1999இல் ‘வழிப்படுத்தக்கூடிய பிழைகள்’ என்று பிரித்துக் காட்டியது இத்தகையவற்றைத்தான். இவ்விதிக்கும் எல்லை உண்டு. ‘ஏறு’, ‘இறங்கு’, ‘வெளியேறு’ என்னும் பொருளுடைய வினைகள் நேர்ச் செயப்படுபொருளை ஏற்கும்போது ‘அவுவாருக்கு’த் திரும்பிவிடும். மாடிக்கு ஏறினாள் என்பதற்கு ஒரு துணைவினை; பெட்டியை மாடிக்கு ஏற்றினாள் என்பதற்கு இன்னொன்று. ஏ2 மாணவி இதை இந்த வாரமே அறிய வேண்டியதில்லை. அறிந்தே ஆக வேண்டும் என்று தாளின் ஓரத்தில் நான்கு வரி எழுதுவதுதான் முழுத்திருத்தம் தரும் சபலம்.

இப்போது மாணவி நான்கு இடங்களையும் திருத்திவிட்டார் என்று கொள்வோம். ‘ழே அலே’ என்பது ‘ழெ சுயி அலே’ ஆயிற்று. உடனே ஒரு புதிய பிழை பிறக்கிறது. ‘எத்ர்’ வந்துவிட்டால், பின்வரும் எச்சவடிவம் எழுவாயோடு பாலிலும் எண்ணிலும் இயைய வேண்டும். எழுதுபவர் பெண், ஆகவே அந்த ‘அலே’யின் இறுதியில் ஒலிக்காத எழுத்தொன்று கூட வேண்டும். ‘விழுந்தாள்’ என்பதிலும் அவ்வாறே. ‘புறப்பட்டோம்’ என்பதில் ஒலிக்காத பன்மையெழுத்து வேண்டும். அவர் தவறாக ‘அவுவார்’ எழுதியிருந்தவரை இந்த இயைபுக்கு அங்கே இடமே இருக்கவில்லை. துணைவினையைச் சரிசெய்ததால்தான் அந்த வாயில் திறந்தது. பிழைகளை எண்ணி மதிப்பெண் இடும் ஆசிரியர், இரண்டாம் தாளில் நான்கு பிழைகள் மறைந்து நான்கு பிழைகள் தோன்றியதைக் கண்டு, முன்னேற்றம் எதுவுமில்லை என்று முடிவுகட்டுவார். உண்மையில் மாணவி ஒரு படி ஏறியிருக்கிறார். எண்ணிக்கை அந்த ஏற்றத்தைக் காட்டாது. எனவே AUX இந்தத் தாளில், ACC அடுத்த தாளில். இந்த முறைவைப்பு மொழியின் அமைப்பிலிருந்தே வருகிறது.

இயைபை ஒத்திவைக்க இன்னொரு காரணமும் உண்டு. பேச்சு என்னும் பொருளுடைய ‘பார்லே’ என்னும் ஒரே ஒலி, எழுத்தில் குறைந்தது ஆறு வடிவங்கள் கொள்ளும். நமக்கு ல, ழ, ள ஆகிய மூன்றும் பலருடைய நாவில் ஒன்றாகிவிட, எழுதும்போது மட்டும் பிரித்தறிய வேண்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள்; பிரெஞ்சு வினையிறுதிகளில் அந்தத் தொல்லை பன்மடங்கு. மிஷேல் ஃபயோலும் உடன் ஆய்வாளர்களும் 1990களில் வெளியிட்ட சோதனைகளில், கற்றறிந்த பிரெஞ்சு மக்களே, நினைவில் வேறொரு சுமையை ஏற்றிக்கொண்டு எழுதும்போது, ‘அண்டை வீட்டாரின் நாய் வருகிறது’ என்பது போன்ற வாக்கியத்தில் அருகிலுள்ள பன்மைப் பெயரால் ஈர்க்கப்பட்டு, வினையைப் பன்மையில் எழுதினர். விதியை அறியாதவர்களா அவர்கள்? இல்லை, கவனம் வேறிடத்தில் இருந்தது. ஆக, ACC பிழைக்கு மருந்து விதி விளக்கமன்று. எழுதி முடித்த பின், ‘எத்ர்’ வந்த ஒவ்வோரிடத்திலும் நின்று எழுவாயைத் திரும்பிப் பார்க்கும் தனிச் சரிபார்ப்பு ஒன்றே மருந்து. அந்தப் பழக்கத்துக்குத் தனியாக ஒரு தாளை ஒதுக்குவது தகும்.

அடுத்து T. இங்கேதான் முழுத்திருத்தம் செய்பவர்கள் சரியானதையே அடித்துவிடுகிறார்கள். மாணவி, ‘வெயிலாக இருந்தது’ என்பதை ‘இல் ஆ ஃபே ஷோ’ என்று எழுதியிருக்கிறார். ஆசிரியர் அதைச் சிவப்பால் வெட்டி, ‘அம்பர்ஃபே’ வடிவமான ‘இல் ஃபெசே ஷோ’ என்று எழுதுகிறார். ஆனால் முதல் வடிவம் இலக்கணப் பிழையன்று. நேற்றைய நாளை முடிந்துபோன ஒன்றாக நோக்கி, ‘நேற்று வெயில் அடித்தது’ என்று சொல்லும்போது அதுவே இயல்பு. கோட்டையில் ஏறும்போது நிகழ்ந்தவற்றுக்குப் பின்னணியாகச் சொல்லும்போதுதான் ‘அம்பர்ஃபே’ வேண்டும். எது சரி என்பதை வாக்கியம் தீர்மானிப்பதில்லை, கதையோட்டம் தீர்மானிக்கிறது, சில வேளைகளில் எழுதியவரின் எண்ணமே தீர்மானிக்கிறது. ஆகவே T குறியீட்டைத் தீர்ப்பாக இடக்கூடாது. அதனோடு ஓரத்தில் ஒரு வினா வேண்டும்: ‘இது கதையை முன்னே நகர்த்துகிறதா, அல்லது பின்னணியா?’ மாணவி அதற்கு விடை சொல்லி, அதற்கேற்பக் காலத்தைத் தேர்ந்தாரானால் கற்றல் நிகழ்ந்தது. ஆசிரியர் தாமே மாற்றி எழுதிவிட்டால், மாணவிக்குக் கிடைப்பது ‘வானிலைக்கு எப்போதும் அம்பர்ஃபே’ என்ற பொய்விதி ஒன்றே.

குறியீட்டை வழிபடுவோருக்கும் இரண்டு சொல்ல வேண்டும். முதலாவது, பால் பிழைக்குக் குறியீடு இடுவது பெரும்பாலும் வீண். ‘உணவகம்’ என்னும் சொல்லுக்கு முன்னே ‘யூன்’ என்று எழுதியவரிடம் பால் தவறு என்று சுட்டினால், அவர் எண்ணிப் பார்க்க எதுவுமில்லை. இருப்பவை இரண்டே, ஒன்று தவறென்றால் மற்றொன்று சரி. அவர் ‘அன்’ என்று மாற்றிவிடுவார். நாணயத்தைப் புரட்டியதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. ‘-சியோன்’ என முடியும் பெயர்கள் ஏறத்தாழ எல்லாமே பெண்பால், ‘-ஆழ்’ என முடிபவை பெரும்பாலும் ஆண்பால் என்பன போன்ற ஈற்றுக் குறிப்புகளைத் தனிப்பாடமாகச் சொல்லலாம்; அப்போதும் கடற்கரையைக் குறிக்கும் ‘ப்ளாழ்’ போன்ற விலக்குகள் நிற்கும். எஞ்சிய சொற்களுக்குச் சரியான வடிவத்தை நேரே எழுதிக் கொடுத்துவிடுவதே நேர்மை.

இரண்டாவது, மரபுத்தொடர்ப் பிழைகள். ‘வீட்டார் நினைவு வருகிறது’ என்பதைப் பிரெஞ்சில் சொல்லும்போது, வீட்டார் எழுவாயாகவும் நினைப்பவர் மறைமுகச் செயப்படுபொருளாகவும் நிற்க வேண்டும். ஆங்கிலத்தின் வழியே சிந்திக்கும் மாணாக்கர் அதைத் தலைகீழாக எழுதுவார். அங்கே ‘சொல்’ என்றோ ‘அமைப்பு’ என்றோ குறியீடு இட்டால், அவர் எங்கே போய்த் தேடுவார்? அவரிடம் இல்லாத ஒன்றை அவரிடமிருந்தே வரவழைக்க முடியாது. தொடரை எழுதிக் கொடுங்கள். அவர் மனனம் செய்து கொள்ளட்டும். விதியால் அடையக்கூடியதற்குக் குறியீடு; விதியால் அடைய முடியாததற்கு நேரடி விடை; இன்னும் காலம் வராததற்கு மௌனம். இந்த மூன்றில் எது எங்கே என்று தெரிவதுதான் ஆசிரியரின் புலமை. எல்லாவற்றையும் திருத்துவதற்கு அந்தப் புலமை தேவைப்படுவதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

‘திருத்தாமல் விட்டதை மாணாக்கர் சரியென்று எண்ணிவிடுவாரே’ என்பது முதலாவது, மதிக்கத்தக்கதும்கூட. விடை எளிது. தாளின் தலைப்பில் ஒரு வரி எழுதுங்கள்: ‘இதில் AUX, T ஆகிய இரண்டு மட்டுமே பார்க்கப்பட்டுள்ளன, பிற பிழைகளும் இருக்கலாம்.’ பயிற்சி கொடுக்கும் நாளிலேயே இவ்விரண்டையும் அறிவித்துவிடுங்கள். வாக்கியத்தின் பொருளே புரியாதபடி செய்யும் பிழை எந்த வகையாயினும் கட்டாயம் சுட்டப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அறிவிக்காமல் தேர்ந்து திருத்தும் ஆசிரியர்மீது இக்குற்றச்சாட்டு செல்லும், அறிவித்தவர்மீது செல்லாது.

‘தேர்வில் எல்லாப் பிழைகளுக்கும்தானே மதிப்பெண் போகும்’ என்பது இரண்டாவது. டெல்ஃப் தேர்வின் எழுத்துப் பகுதி, பிழைக்கு இத்தனை என்று கழிப்பதில்லை. பணியை நிறைவேற்றியமை, ஒத்திசைவு, சொல்வளம், இலக்கணம் என்று அளவுகோல்வாரியாக மதிப்பிடுகிறது. ஐரோப்பியச் சட்டகத்தின் ஏ2 விவரிப்போ, எளிய அமைப்புகளைச் சரியாகக் கையாளும் அந்நிலையினர் அடிப்படைத் தவறுகளை முறையாகச் செய்துகொண்டே இருப்பர் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. அந்நிலைக்கு இயல்பென்று ஏற்கப்பட்டதைப் பெருங்குற்றமாகச் சிவப்பில் காட்டும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

மூன்றாவது, ஆய்வுச் சான்று பற்றியது. இதில் என் பக்கத்தாரும் நேர்மை காக்க வேண்டும். ஜான் ட்ரஸ்காட் 1996இல், எழுத்து வகுப்பில் இலக்கணத் திருத்தமே பயனற்றது, கைவிடத்தக்கது என்று வாதிட்டார். அதன் பிறகான கால் நூற்றாண்டு ஆய்வுகள் அந்த முழுமறுப்பை ஆதரிக்கவில்லை. வான் பயனிங்கெனும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் டச்சு மொழியில் நிகழ்த்திய ஆய்வில், முழுமையான திருத்தமும் புதிய எழுத்தில் பயன் தந்தது. முழுத்திருத்தம் பயனற்றது என்று எவரேனும் சொன்னால் இந்த ஆய்வு அவரை மறுக்கும். ஆனால் அது முழுத்திருத்தத்தைத் தேர்ந்த திருத்தத்தோடு ஒப்பிடவில்லை. நாற்பது தாள்களைத் தனியே திருத்தும் ஆசிரியரின் நேரம் எங்கே செலவாக வேண்டும் என்ற வினாவுக்கும் அதில் விடையில்லை. ஒரு தாளுக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்தால் நாற்பது தாள்களுக்குப் பத்து மணி நேரம்; அந்த நேரத்துக்குப் பிறகு, மாணாக்கர் திருத்தி எழுதியதை மீண்டும் பார்க்க எவரிடமும் தெம்பு இருக்காது. முழுத்திருத்தத்தின் பெருங்கேடு இதுதான்: அது இரண்டாம் வாசிப்பை விழுங்கிவிடுகிறது.

குறியீடும் மந்திரமன்று. ஃபெரிஸும் ராபர்ட்ஸும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், குறியீடு இட்டவர்களுக்கும் வெறும் அடிக்கோடு இட்டவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. இரு குழுவினரும், எதுவும் சுட்டப்படாதவர்களைவிட நன்றாகத் தம் தாளைத் திருத்தினர். எனவே இருபது குறியீட்டு அட்டவணையில் பெருமை ஒன்றுமில்லை. வேலை செய்வது குறியீடன்று. குறியீட்டுக்குப் பின் மாணாக்கர் செய்யும் வேலை. லலாந்து 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மன் கற்ற அமெரிக்க மாணவர்களில், குறியீட்டைக் கொண்டு தாமே திருத்தி, தம் பிழைகளைக் கணக்கேட்டில் பதிந்து வந்தவர்கள், ஆசிரியர் திருத்திக் கொடுத்ததைப் பார்த்து எழுதியவர்களை விஞ்சினர்.

ஆதலால் தாளைத் திருப்பித் தரும் நாளில் வகுப்பின் முதற் பதினைந்து நிமிடங்களைத் திருத்தி எழுதுவதற்கே ஒதுக்குங்கள். மதிப்பெண்ணை அன்று தாளில் இடாதீர்கள். இட்டால் வாசிப்பு அங்கேயே நின்றுவிடும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பாதி திரும்பாது. திரும்பியதில் பாதி அடுத்தவர் கைவண்ணமாக இருக்கும். வகுப்பில் திருத்தும்போது ஆசிரியர் மேசைகளுக்கிடையே நடந்து, குறியீட்டைக் கண்டும் விடை காணாதவர் யார் என்று பார்க்க முடியும். அவருக்கு விதியே தெரியாது. அவருக்குக் குறியீடு போதாது, பாடம் வேண்டும்.

பயன் விளைந்ததா என்பதை எப்படி அறிவது? திருத்தி எழுதிய தாளைக் கொண்டு அறிய முடியாது. சுட்டிக்காட்டிய இடத்தைச் சரிசெய்வது சான்றன்று. இரண்டு வாரம் கழித்து வேறு பொருளில் எழுதும் புதிய தாளைப் பாருங்கள். அங்கும் பிழையை எண்ணாதீர்கள், வாய்ப்பை எண்ணுங்கள். ‘எத்ர்’ வர வேண்டிய இடங்கள் எத்தனை, அவற்றில் சரியானவை எத்தனை. முதல் தாளில் ஐந்தில் ஒன்று. புதிய தாளில் ஆறில் நான்கு என்றால் வளர்ச்சி. ஒன்றில் ஒன்று என்றால் ஐயுறுங்கள். மாணவி கற்றிருக்கமாட்டார், அந்த வினைகளையே தவிர்த்திருப்பார். சிவப்பு மைக்கு அஞ்சும் மாணாக்கர் முதலில் கற்பது இந்தத் தவிர்ப்பைத்தான். பிழையற்ற, குறுகிய, எதையும் சொல்லாத வாக்கியங்களால் ஆன தாளைப் பார்த்து நாமும் மகிழ்ந்துபோகிறோம்.

என் கோரிக்கை சிறியது. துறைக் கூட்டங்களில் ‘தாள் முழுவதும் திருத்தப்பட்டுள்ளதா’ என்று கேட்பதை நிறுத்துவோம். ‘மாணாக்கர் திருத்தி எழுதிய படி எங்கே’ என்று கேட்போம். அந்தப் படி கோப்பில் இல்லையென்றால், முதல் தாளில் எவ்வளவு மை சிந்தியிருந்தாலும் அங்கே கற்பித்தல் பாதியில் நின்றுவிட்டது என்றே பொருள். மறுப்போர் கீழே எழுதலாம். ஒரு மாணாக்கரின் இரண்டு தாள்களையாவது அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு எழுதினால் நன்று.